பிளேட்லெட் குறைந்தால் டெங்குதானா?

சித்தியின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் குடும்ப வாட்ஸப் குழுவில் வந்ததும் தம்பி பிளேட்லெட்டை மட்டும் வட்டமிட்டு, "82,000தான் இருக்கு, டெங்குவா?" என்று போட்டான். அடுத்த ஐந்து நிமிடத்தில் பப்பாளி இலைச் சாறு வரைக்கும் பேச்சு போய்விட்டது. சித்திக்கோ காய்ச்சலே இல்லை. 61 வயது, இரண்டு மாதமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, பாதத்தில் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒற்றை எண்ணைப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். அதே தாளில் ஹீமோகுளோபின் 7.2 கிராம் என்றிருந்தது, பெண்களுக்கு 12-க்கு மேல் இருக்கவேண்டும். வெள்ளை அணுக்கள் 3,200, அதுவும் குறைவு. யாருமே பார்க்காத ஒரு வரி எம்.சி.வி. 118. ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன் அது, வழக்கமாக 80-இலிருந்து 100-க்குள் இருக்கும். இரும்புச்சத்துக் குறைவில் அணுக்கள் சிறுத்துப்போய் இந்த எண் 80-க்குக் கீழே இறங்கும். சித்திக்கு ஏறியிருக்கிறது. டெங்கு முற்றும்போது ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசிவதால் ஹீமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் பங்கு, கூடும். சித்திக்கு அது 21 சதவீதம்தான், இருக்கவேண்டியதில் ஏறக்குறைய பாதி.

ஆக, ரத்தம் குறைவு, அணு பெரிது, பிளேட்லெட்டும் வெள்ளை அணுவும் குறைவு. இவை தனித்தனி நோய்களாக இருக்க வாய்ப்பு குறைவு. எல்லா அணுக்களும் எலும்பு மஜ்ஜை என்ற ஒரே பட்டறையில்தான் உருவாகின்றன, கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மஜ்ஜையில் ஒரு தாய்ச்செல் சிவப்பணுவாவதற்குள் பலமுறை இரண்டாகப் பிரியும், ஒவ்வொரு முறையும் சற்றுச் சிறிதாகும். பிரிய வேண்டுமென்றால் முதலில் டிஎன்ஏவைப் படியெடுக்க வேண்டும், அதற்கு வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலம் இரண்டும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் உட்கரு தயாராகாமல் தேங்கி நிற்கும், ஆனால் அதைச் சுற்றியுள்ள பகுதி தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே ஹீமோகுளோபினையும் நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் அணு பெரிதாகிறது. பெரிதாகி என்ன பயன், பாதி வழியிலேயே பெரும்பாலானவை மஜ்ஜைக்குள் செத்துப்போகின்றன, வெளியே வருவது கொஞ்சம்தான். பிளேட்லெட்டையும் வெள்ளை அணுவையும் தரும் செல்களுக்கும் இதே கதி.

சரி, பி12 குறைவு என்று இதை வைத்தே முடிவுகட்டலாமா? கூடாது. குடிப்பழக்கம், கல்லீரல் நோய், தைராய்டு குறைவு, மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் எல்லாமே சிவப்பணுவைப் பெரிதாக்கும். வயதானவர்களுக்கு வரும் மைலோடிஸ்பிளாசியா என்ற மஜ்ஜை நோய் இதே ரிப்போர்ட்டை அச்சு அசலாகக் கொடுக்கும், அதைத் தவறவிடக்கூடாது. இன்னொன்று, சிலர் ரத்தத்தில் குழாயிலுள்ள உறையெதிர்ப்புப் பொருள் பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், இயந்திரம் அதைச் சரியாக எண்ணாமல் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

இதையெல்லாம் பிரித்துச் சொல்ல ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். சித்தியின் ஸ்மியரில் பிளேட்லெட் கட்டிகள் இல்லை, குறைவு உண்மையானதுதான். முட்டை வடிவப் பெரிய சிவப்பணுக்கள் இருந்தன, நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவின் உட்கரு வழக்கமான மூன்று நான்கு மடல்களுக்குப் பதில் ஆறு மடலாகப் பிரிந்திருந்தது. இதைப் பார்த்த பிறகு மருத்துவர் பி12 அளவு பார்க்கச் சொன்னார். 200-க்கு மேல் இருக்கவேண்டியது 95. சுத்த சைவம், பால் தயிரும் கொஞ்சம்தான், அப்புறம் சர்க்கரைக்காகப் பத்து வருடமாக மெட்ஃபார்மின். குடலில் பி12 உறிஞ்சப்படுவதை அந்த மாத்திரை குறைக்கும்.

கடையில் 'ரத்தம் ஊற' என்று வாங்கும் ஃபோலிக் அமில மாத்திரையில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பி12 குறைவுள்ளவர் அதை மட்டும் விழுங்கினால் ஹீமோகுளோபின் ஏறும், ரிப்போர்ட் அழகாகிவிடும், ஆனால் பி12 இல்லாததால் வரும் நரம்புச் சேதம் உள்ளே நடந்துகொண்டே இருக்கும். சித்தியின் பாத ஊர்ச்சல் அந்தச் சேதத்தின் தொடக்கம்தான்.

அதனால் பி12 ஊசியே போட்டார்கள். ஒரு வாரத்தில் ரெடிகுலோசைட் எனும் இளம் சிவப்பணுக்கள் கூட்டமாக வெளியே வந்தன, மருந்து சரியான இடத்தில் பட்டது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். இரண்டாவது வாரம் பிளேட்லெட் 1,60,000. ஹீமோகுளோபின் 12-ஐத் தொட இரண்டு மாதம் ஆயிற்று. பாத ஊர்ச்சல் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை, நரம்பு ரத்தத்தைப் போல அவ்வளவு வேகமாகத் தேறாது.