+971-ஆ, +371-ஆ? மிஸ்டு காலைத் திருப்பி அடிக்கும் முன்

மதுரை, மேலூர், உசிலம்பட்டி பக்கம் துபாயிலோ சிங்கப்பூரிலோ ஆள் இருக்கும் வீடுகள் நிறைய. அதனால் ராத்திரி ஒரே ஒரு ரிங் அடித்து நின்ற '+' நம்பரைப் பார்த்ததும், "தம்பி வேற நம்பர்ல இருந்து கூப்பிட்டிருப்பான்" என்று திருப்பி அடித்துவிடுகிறோம். காசு போவது அந்தத் திருப்பி அடிக்கிற காலில்தான். ஊரில் இருந்துகொண்டு, வந்த காலை எடுத்துப் பேசினால் நமக்குக் கட்டணம் இல்லை. எடுத்தாலே மூன்று வினாடியில் கான்டாக்ட் எல்லாம் காப்பி ஆகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது வெறும் புரளி.

வெளிநாட்டுக் கால் ஒன்றுக்கு நம் கம்பெனி வசூலிக்கும் பணத்தில் ஒரு பங்கு, கால் போய்ச் சேரும் நாட்டின் கம்பெனிக்குப் போகும். சில சின்ன நாடுகளுக்கு இந்தப் பங்கு மிக அதிகம். அங்கே ஒரு வரிசை நம்பர்களை எடுத்து வைத்திருப்பவர், வரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கமிஷன் வாங்குகிறார். மிஸ்டு கால் கொடுக்க அவருக்குச் செலவே இல்லை, ஏனென்றால் எடுக்காத காலுக்குக் கட்டணம் கிடையாது. மெஷின் ஆயிரக்கணக்கான நம்பர்களுக்கு ஒரு ரிங் விட்டுக்கொண்டே இருக்கும். அதில் சிலர் திருப்பி அடித்தாலே அவருக்கு லாபம்.

நம்பரைப் படிக்கும்போது '+'-க்கு அடுத்த மூன்று இலக்கத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். +971 ஐக்கிய அரபு அமீரகம், +371 லாட்வியா. +974 கத்தார், +674 நவ்ரு. +965 குவைத், +675 பப்புவா நியூ கினியா. கண்ணாடி போடாமல் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். +216 துனிசியா, +252 சோமாலியா, +269 கொமொரோஸ் ஆகியவையும் இந்த மோசடியில் அடிக்கடி அடிபடும் எண்கள். அந்த நாட்டு நம்பர் எல்லாமே மோசடி என்று சொல்லவில்லை. அங்கே உங்களுக்கு ஆள் இல்லையென்றால் திருப்பி அடிக்கக் காரணமும் இல்லை.

அதிகம் ஏமாற்றுவது +1. அது அமெரிக்கா, கனடா மட்டுமல்ல, கரீபியன் தீவுகள் பலவற்றுக்கும் அதே +1தான். +1 876 ஜமைக்கா, +1 473 கிரெனடா. பிள்ளை அமெரிக்காவில் இருந்தால் அடுத்த மூன்று இலக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். நம் நாட்டு நம்பர் என்றால் +91-க்குப் பின் பத்து இலக்கம் இருக்கும். மொபைல் 6, 7, 8, 9-இல் ஒன்றில் தொடங்கும். மதுரை லேண்ட்லைன் +91 452 என்று வரும்.

சந்தேகமாக இருந்தால், தம்பியின் பழைய நம்பருக்கே வாட்ஸ்அப்பில் "கூப்பிட்டியா?" என்று ஒரு வரி அனுப்பினால் போதும்.

தவறி அடித்துவிட்டீர்களா? திரையைப் பாருங்கள். காதில் இன்னும் ரிங் கேட்கிறது, ஆனால் 00:01, 00:02 என்று நேரம் ஓடுகிறதென்றால், எதிர்முனையில் கால் எடுக்கப்பட்டுவிட்டது. நீங்கள் கேட்பது ரெக்கார்டு செய்த ரிங். பாட்டு, "காத்திருக்கவும்" என்ற குரல், யாரோ அழும் சத்தம் எல்லாமே உங்களை லைனில் பிடித்து வைக்கத்தான். உடனே கட் செய்யுங்கள்.

உதாரணத்துக்கு நிமிடம் 100 ரூபாய் என்று வையுங்கள். நிமிடக் கணக்கில் பில் போடும் பிளானில் 6 நிமிடம் 10 வினாடி பேசினால் அது 7 நிமிடம், அதாவது 700 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 826. பிரீபெய்டில் மெயின் பேலன்ஸ் இருக்கிற அளவுக்குத்தான் போகும்; அன்லிமிடெட் பேக் ஐ.எஸ்.டி.க்குப் பொருந்தாது, பேலன்ஸ் பூஜ்யம் என்றால் பெரும்பாலும் கால் போகவே போகாது. மாட்டிக்கொள்வது போஸ்ட்பெய்டுதான், மாதக் கடைசியில் பில் வரும்போதுதான் தெரியும்.

கால் போய்விட்டால் நம்பர், தேதி, நேரம், எத்தனை நிமிடம் என்பது தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, கஸ்டமர் கேரில் புகார் செய்து டாக்கெட் நம்பர் வாங்குங்கள். நீங்களே டயல் செய்த கால் என்பதால் பணம் திரும்புவது கடினம். பதில் திருப்தி இல்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். sancharsaathi.gov.in தளத்தில் 'சக்ஷு' பகுதியில் அந்த நம்பரையும் தெரிவிக்கலாம், ஆனால் கால் வந்து 30 நாளுக்குள் செய்ய வேண்டும்.

வெளிநாட்டுக்குப் பேச வேண்டிய தேவையே இல்லாத சிம்மில் ஐ.எஸ்.டி.யை மூடிவிடச் சொல்லுங்கள். போன் செட்டிங்கில் உள்ள 'கால் பாரிங்' எல்லா நெட்வொர்க்கிலும் வேலை செய்வதில்லை, கம்பெனியிடம் சொல்லி மூடுவதே நிச்சயம். கடை, ஆஸ்பத்திரி ரிசப்ஷன் லேண்ட்லைன்களுக்கு இது இன்னும் அவசியம். யார் வேண்டுமானாலும் திருப்பி அடிப்பார்கள், பில் கட்டுவது முதலாளி.