பத்திரம் பதிவானது, கட்டடம் கைமாறியதா?

ஒரு ஆலைக்குச் சொந்தமாகக் கட்டடம் இருக்கிறது. கையில் பணம் இல்லை. கட்டடத்தை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, அதே கட்டடத்தை அதே நாளில் பத்து வருடக் குத்தகைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஒரு தறிகூட இடம் மாறவில்லை, பணம் மட்டும் வந்துவிட்டது. இதைத்தான் ‘சேல் அண்ட் லீஸ்பேக்’ என்கிறார்கள். விமான நிறுவனங்கள் புது விமானங்களை வாங்கும்போது இந்த வழியை அதிகம் கையாளுகின்றன.

நான் இங்கே எடுத்துக்கொள்வது கற்பனைக் கணக்கு. கட்டடத்தின் புத்தக மதிப்பு 4 கோடி ரூபாய். சந்தை மதிப்பு 10 கோடி, விற்ற விலையும் அதுவே. வாடகை ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் 97 லட்சத்து 65 ஆயிரம். பத்து வருட வாடகையை 10 சதவீத வட்டியில் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 6 கோடி வரும்.

புத்தகத்தில் இருந்தது 4 கோடி, விற்றது 10 கோடி, லாபம் 6 கோடி என்று எழுதத் தோன்றும். 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரநிலை 116 (Ind AS 116) அப்படி எழுத விடாது. ஆலை உண்மையில் கைவிட்டது எதை? 10 கோடி மதிப்புள்ள கட்டடத்தில் 6 கோடிக்குச் சமமான பயன்பாட்டை அடுத்த பத்து வருடத்துக்குத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது. வாங்கியவருக்குப் போனது மீதி 40 சதவீதம்தான். எனவே லாபத்திலும் 40 சதவீதம், அதாவது 2 கோடியே 40 லட்சம் மட்டுமே இன்று கணக்கில் ஏறும். வைத்துக்கொண்ட 60 சதவீதம் பழைய புத்தக மதிப்பிலேயே, 2 கோடியே 40 லட்சத்துக்கு, பயன்பாட்டு உரிமைச் சொத்தாக நிற்கும். இரண்டு எண்களும் ஒன்றாக வந்தது இந்தக் கணக்கின் தற்செயல். கொடுக்கவேண்டிய வாடகைக்காக 6 கோடி கடன்பொறுப்பும் எழுதப்படும்.

விலையைச் சந்தை மதிப்புக்கு மேலே, 12 கோடி என்று காட்டியிருந்தால்? வாடகையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். கூடுதல் 2 கோடியை விற்பனை விலையாக எடுத்துக்கொள்ள முடியாது, அது கடன்.

இது எல்லாமே விற்பனை உண்மையாக நடந்திருந்தால்தான். இப்போது ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியைச் சேர்ப்போம்: ‘குத்தகை முடியும்போது விற்றவர் விரும்பினால் 10 கோடிக்கே திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.’ பத்திரம் பதிவாகிவிட்டது, முத்திரைத்தாள் கட்டணமும் கட்டியாயிற்று. ஆனாலும் கணக்கில் இது விற்பனை இல்லை. வருவாய் பற்றிய தரநிலை 115, பெயர் யார்மேல் இருக்கிறது என்பதோடு நிற்பதில்லை, சொத்தின்மேல் கட்டுப்பாடு யாரிடம் என்று கேட்கிறது. குத்தகை முடிவில் விற்றவர் திரும்பக் கேட்கலாம் என்றால், வாங்கியவர் அதை வேறொருவருக்குத் தன் விருப்பப்படி விற்க முடியாது. விலை ஏறினால் அந்த ஏற்றமும் அவருக்கு இல்லை.

பணம் போகும் வழியைப் பாருங்கள். இன்று 10 கோடி வருகிறது. வருடா வருடம் 97.65 லட்சம் போகிறது. கடைசியில் 10 கோடி திரும்பிப் போகிறது. ‘வாடகை’ என்ற சொல்லை அழித்துவிட்டால் மிஞ்சுவது 9.765 சதவீத வட்டிக்கு வாங்கிய கடன்! எனவே கட்டடம் 4 கோடிக்கு ஆலையின் புத்தகத்திலேயே இருக்கும், தேய்மானமும் தொடரும். வந்த 10 கோடி முழுவதும் கடன். லாபம் சுழியம். வாங்கியவரின் புத்தகத்திலும் கட்டடம் வராது, கொடுத்த கடன்தான் வரும்.

நம் ஊர்ச் சட்டத்துக்கு இது புதிதும் இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பணத்தைத் திருப்பித் தந்தால் சொத்தைத் திருப்பி எழுதித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு செய்த கிரயத்தை அடமானத்தின் ஒரு வகையாகவே வைத்திருக்கிறது. அந்த நிபந்தனை கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது 1929-இல் சேர்ந்த திருத்தம். கணக்கியல் அவ்வளவு பெருந்தன்மையாக இல்லை. தனிக் கடிதத்தில் இருந்தாலும் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் தணிக்கை செய்பவர் கிரயப் பத்திரத்தோடு நிறுத்தாமல், குத்தகை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களையும் அதே தேதியிட்ட மற்றக் கடிதங்களையும் கேட்டு வாங்க வேண்டும்.

லாபத்தைக் கூட்டவோ கடனை மறைக்கவோ நினைப்பவருக்கு அந்த ஒரு வரியில் என்ன தங்கியிருக்கிறது என்பது தெரியும். அந்த வாசகம் இல்லையென்றால் லாபம் 2.4 கோடி, பொறுப்பு 6 கோடி. அது இருந்தால் லாபம் இல்லை, பொறுப்பு 10 கோடி. வங்கி அடுத்த கடனுக்குப் பார்ப்பது இந்த எண்களைத்தான்.

பத்து வருடம் கழித்து, திரும்ப வாங்கும் உரிமையை ஆலை பயன்படுத்தாமலே விட்டு அது காலாவதியானால், அன்றைக்குக் கடன் கணக்கிலிருந்து நீங்கும், கட்டடமும் நீங்கும். பத்திரம் பதிவான நாளிலிருந்து பத்து வருடம் தள்ளி, விற்பனை அப்போதுதான் புத்தகத்தில் ஏறும்.