என்எச்எஸ்-ல பியர் சப்போர்ட் ஒர்க்கர்: என்ன வேலை, என்ன ட்ரெய்னிங், எவ்வளவு சம்பளம், யார் பாத்துக்கணும்

இங்கிலாந்துல மனநல டீம்கள்ல இப்ப அடிக்கடி கண்ணுல படுற வேலை விளம்பரம் பியர் சப்போர்ட் ஒர்க்கர், அதாவது மனநலப் பிரச்சனைய அனுபவிச்ச ஒருத்தர் அதே மாதிரி கஷ்டத்துல இருக்குறவங்களுக்குத் துணையா இருக்குற வேலை. தகுதின்னு போட்ட இடத்துல டிகிரி கேக்க மாட்டாங்க, "மனநலப் பிரச்சனைய நீங்களே அனுபவிச்சிருக்கணும்"னு போட்டிருப்பாங்க. நம்ம ஆளுங்க பாத்துட்டு இது ஏதோ ஏமாத்து வேலைன்னு நினைக்கிறாங்க, இல்லன்னா வாலன்டியர் வேலைன்னு விட்டுடுறாங்க. ரெண்டும் இல்ல, சம்பளம், லீவு, பென்ஷன் எல்லாம் இருக்குற என்எச்எஸ் வேலைதான். 2019-ல போட்ட மனநலத் திட்டத்துல 2023/24-க்குள்ள நாடு முழுக்க 4,700-க்கு மேல இந்த மாதிரி ஆளுங்கள எடுக்கணும்னு கணக்கு வச்சாங்க, அதுக்கப்புறம் ட்ரஸ்ட் ட்ரஸ்டா இந்த வேலை நிறைய வர ஆரம்பிச்சுது.

வேலைக்கு அப்ளை பண்றவங்களுக்கும், டீம்ல இப்படி ஒருத்தர எடுக்கப் போற மேனேஜர்களுக்கும் சேத்தே எழுதுறேன், ஏன்னா ரெண்டு பக்கமும் சறுக்குற இடம் ஒண்ணேதான்: இந்த ஆள் என்ன செய்யணும்னு தெளிவா எழுதி வைக்காம வேலைக்கு எடுத்துடுறது.

ஒரு உதாரணத்தோட போவோம். செல்வின்னு ஒருத்தங்க, வயசு 38. குழந்தை பிறந்தப்ப சைக்கோசிஸ் வந்து ரெண்டு தடவை வார்டுல இருந்தாங்க, இப்ப நல்லா இருக்காங்க, மாத்திரை தொடருது. வீட்டுக்கே போய்ப் பாக்குற ஒரு கம்யூனிட்டி டீம்ல வாரம் 22.5 மணி நேரம் வேலை. இன்னைக்கு அவங்க போறது ஒரு 22 வயசுப் பையன் வீட்டுக்கு, மூணு மாசமா ரூம விட்டு வெளிய வரல. செல்வி ரூமுக்குள்ள போகல, கதவுக்கு வெளிய கார்பெட்லயே உக்காந்துட்டாங்க. இருபது நிமிஷம் ஃபுட்பால் பேச்சு. அப்புறம் அவனே கேக்குறான், "நீங்களும் மாத்திரை போடுறீங்களா?" ஆமா போடுறேன், முதல் வருஷம் வாய் உலர்ந்து, குண்டாகி, நடுவுல நானே நிறுத்திப் பாத்தேன், அப்புறம் என்ன ஆச்சுன்னும் சொல்றேன்னு சொல்றாங்க. நீ போடணும்னோ போட வேண்டாம்னோ ஒரு வார்த்த சொல்லல. இதுதாங்க வேலை. நர்ஸும் மாத்திரை பத்திப் பேசுவாங்க, ஆனா அந்தக் கேள்விய அவன் நர்ஸ்கிட்ட கேட்டிருக்க மாட்டான்.

கீழ இறங்கி வரும்போது அவங்கம்மா படிக்கட்டுல நிறுத்தி மெதுவா, "அம்மா, அவன் மாத்திரை போடுறானான்னு பாத்து சொல்லேன், நம்ம தமிழ்ப் பொண்ணாச்சே"ங்குறாங்க. இங்கதான் வேலையோட எல்லை தெரியும். பாத்து சொல்றேன்னு ஒத்துக்கிட்டா அந்த நிமிஷமே செல்வி அந்தப் பையனோட ஆள் இல்ல, அம்மாவோட உளவாளி. அதனால, "அது என் வேலை இல்லம்மா, நர்ஸ்கிட்ட பேச ஏற்பாடு பண்றேன், அவன்கிட்டயும் நீங்க கேட்டீங்கன்னு சொல்லுவேன்"னு சொல்லணும். அதுக்காக எல்லாத்தையும் ரகசியமா வச்சுக்குறதும் கிடையாது. செல்வி டீமோட ஸ்டாஃப், சந்திப்பு பத்தி நோட்ஸ் எழுதணும், உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா டீம்ல சொல்லியே ஆகணும். இத முதல் சந்திப்புலயே அவன்கிட்ட சொல்லிடணும், பின்னாடி சொன்னா துரோகம் மாதிரி ஆயிடும்.

இந்த எல்லை ஜாப் டிஸ்கிரிப்ஷன்ல எழுத்துல இல்லன்னா என்ன ஆகும்னா, டீம்ல ஆள் பத்தாத நாள்லாம் செல்விதான் கை கொடுக்கணும். ஒருத்தர கார்ல க்ளினிக் கூட்டிட்டுப் போறது, மாத்திரை டப்பா கொண்டு போய்க் குடுக்குறது, வார்டா இருந்தா ஒருத்தர் பக்கத்துலயே உக்காந்து கண்காணிக்குற ட்யூட்டி, அடம் பிடிக்கிறவங்கள கையப் பிடிச்சு அடக்குறப்ப கூட நிக்கிறது. இந்தக் கடைசி ரெண்டையும் செஞ்ச பியர் ஒர்க்கர்கிட்ட மறுநாள் எந்தப் பேஷண்டும் மனசு விட்டுப் பேச மாட்டாங்க. தமிழ் ஆளா இருந்தா இன்னொண்ணும் வரும், ஓசி இன்டர்ப்ரெட்டர். "நீங்கதான் தமிழ் பேசுவீங்களே, டாக்டர் சொல்றத சும்மா சொல்லிடுங்க"ம்பாங்க. சொல்லக் கூடாது. மொழிபெயர்க்க தனி ஆள் புக் பண்றது சர்வீஸோட பொறுப்பு, அதுவும் இல்லாம டாக்டரோட வாயா மாறிட்டா அப்புறம் பக்கத்துல உக்காரவே முடியாது.

வேலை தடம் மாறுதான்னு கண்டுபிடிக்க ஈசியான வழி டைரிதான். ரெண்டு வாரம் டைரிய எடுத்து, அனுபவத்த வச்சு ஒருத்தரோட உக்காந்து பேசுன நேரம் எவ்வளவு, டிரைவர் வேலை ஆபீஸ் வேலை எவ்வளவுன்னு கூட்டிப் பாருங்க. பாதிக்கு மேல ரெண்டாவதுல போச்சுன்னா நீங்க எடுத்திருக்கிறது சம்பளம் கம்மியான சப்போர்ட் ஒர்க்கர், பேர் மட்டும் வேற.

மேனேஜர்களுக்கு ஒண்ணு. பெட் காலியாகும், திரும்ப அட்மிட் ஆகுறது குறையும்னு சொல்லி இந்தப் போஸ்டுக்கு பட்ஜெட் கேக்காதீங்க. இங்கிலாந்துலயே என்ரிச்னு ஒரு பெரிய ட்ரையல் நடந்து 2022-ல ரிசல்ட் வந்துது, டிஸ்சார்ஜ் ஆகுறவங்களுக்கு பியர் ஒர்க்கர் கூட இருந்தாலும் ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப அட்மிட் ஆகுறதுல பெருசா வித்தியாசம் தெரியல. அதனால வேலை வீண்னு அர்த்தம் இல்ல, ஆனா அந்த அளவுகோல வச்சு எடுத்தா ரெண்டு வருஷத்துல அதே அளவுகோல வச்சே போஸ்ட தூக்கிடுவாங்க.

அப்ளை பண்றவங்க பயப்படுற விஷயத்துக்கு வர்றேன். பொதுவா 2010 ஈக்வாலிட்டி ஆக்ட்படி ஆஃபர் குடுக்குறதுக்கு முன்னாடி உடம்பு மனசு பத்திக் கேள்வி கேக்கக் கூடாது, ஆனா வேலைக்கே அந்த அனுபவம்தான் தகுதின்னா அது பத்திக் கேக்கலாம்னு விலக்கு இருக்கு. அதுக்காக டயக்னோசிஸ், மாத்திரை பேர், எத்தன தடவ அட்மிட்னு எல்லாம் கொட்டணும்னு இல்ல. "உங்க அனுபவத்த வச்சு ஒருத்தருக்கு எப்படி உதவுவீங்க"ங்குறதுதான் கேள்வியா இருக்கணும். குற்றப் பதிவு இருக்கான்னு பாக்குற டிபிஎஸ் செக் உண்டு. மனநலச் சட்டத்தோட 136-வது பிரிவுல போலீஸ் புடிச்சு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனது குற்றம் கிடையாது, அத நினைச்சு அப்ளை பண்ணாம இருக்காதீங்க.

ட்ரெய்னிங் எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி இல்ல. என்னென்ன தெரிஞ்சிருக்கணும்னு 2020-ல ஒரு தேசிய அளவு ஃப்ரேம்வொர்க் வந்துது, அத ஒட்டி சில இடத்துல பத்து நாள் கோர்ஸ் மாதிரி, சில இடத்துல லெவல் 3 அப்ரன்டிஸ்ஷிப்பா வேலை பாத்துக்கிட்டே படிக்கிறது. உள்ள என்ன சொல்லித் தருவாங்கன்னா, கேக்குறது, நோட்ஸ் எழுதுறது, ஆபத்து தெரிஞ்சா யார்கிட்ட சொல்றது, எல்லாத்துக்கும் மேல உங்க கதைய எப்படிச் சொல்றதுங்குறது. கதைய முழுசா சொல்லப் பழகுறது இல்ல, எந்தத் துண்ட எடுக்குறது எத விடுறதுன்னு பழகுறது. செல்வி அந்தப் பையன்கிட்ட வாய் உலர்ந்தத சொன்னாங்க, குழந்தையப் பத்தி வந்த பயங்கரமான நினைப்புகளச் சொல்லல. அந்த நேரத்துல அவனுக்கு அது தேவையில்ல, அத சொல்லிட்டு வந்தா ராத்திரி செல்விக்குத்தான் தூக்கம் வராது. முதல்ல ட்ரெய்னிங் முடிங்க அப்புறம் வேலை பாக்கலாம்னு சம்பளம் இல்லாம உக்கார வைக்கிற இடங்களும் இருக்கு, எனக்கு அது சரின்னு படல, வேலைக்கு எடுத்துட்டு சம்பளத்தோட ட்ரெய்னிங் குடுக்குறதுதான் மரியாதை.

டீமுக்கும் ட்ரெய்னிங் வேணும், அத யாரும் சொல்றதில்ல. பேஷண்டுங்கள பத்தி மீட்டிங்ல கிண்டலா பேசிப் பழகுன டீம்ல செல்வி போய் உக்காந்தா முதல் வாரமே புரிஞ்சிடும், தன்னையும் அப்படித்தான் பேசியிருப்பாங்கன்னு. ஆள் வர்றதுக்கு முன்னாடியே டீம உக்கார வச்சுப் பேசணும், முடிஞ்சா ஒருத்தர எடுக்காம ரெண்டு பேரா எடுக்கணும்.

சம்பளம். என்எச்எஸ் சம்பளப் படிநிலைல பெரும்பாலும் பேண்ட் 3, சீனியர் ஆனா பேண்ட் 4. 2025/26-க்கு பேண்ட் 3 ஆரம்பம் வருஷத்துக்கு 24,937 பவுண்ட், ரெண்டு வருஷம் கழிச்சு 26,598, வாரம் 37.5 மணி நேரத்துக்கு. மணிக்கணக்குல பாத்தா 12.75, அதே வருஷம் குறைஞ்சபட்சக் கூலி 12.21. அதாவது தன் வாழ்க்கையோட மோசமான காலத்த கருவியா வச்சு வேலை பாக்குறதுக்கு மணிக்கு 54 பென்ஸ்தான் கூடுதல். லண்டன்னா அதுக்கு மேல தனி அலவன்ஸ் வரும்.

அதே 2025/26 கணக்குல செல்விக்கு 22.5 மணி நேரம்னா வருஷம் 14,962, மாசம் 1,247 போல. டாக்ஸ், நேஷனல் இன்ஷூரன்ஸ், பென்ஷன் போக சுமாரா 1,125 கைக்கு வரும். யுனிவர்சல் கிரெடிட்ல வீட்டு வாடகை உதவியோட இருக்குறவங்கன்னா, குழந்தை இருக்குறதால முதல் 411 பவுண்ட தொட மாட்டாங்க, அதுக்கு மேல உள்ள ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறைப்பாங்க. மீதி 714-க்கு 393 போல குறையும், ஆக மாசம் சுமார் 730 பவுண்ட் கூடுதலா நிக்கும். உடல்நல, மனநலப் பிரச்சனையால ஆகுற கூடுதல் செலவுக்குக் குடுக்குற பிப் வாங்குறவங்களுக்கு சம்பளத்த வச்சு அது குறையாது. ஆனா உடம்பு முடியாம வேலை பாக்க முடியாதவங்களுக்குக் குடுக்குற இஎஸ்ஏ-ல இருக்குறவங்க ஜாக்கிரதை, அங்க 16 மணி நேரத்துக்குள்ளதான் வேலை பாக்க விடுவாங்க, வார வருமானத்துக்கும் உச்சவரம்பு உண்டு, 22.5-ன்னு கையெழுத்து போட்டா அந்தப் பணம் நின்னுடும். ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பெனிஃபிட் தெரிஞ்சவங்ககிட்ட ஒரு தடவ கணக்கு போட்டுப் பாத்துடுங்க.

சூப்பர்விஷன் ரெண்டு வேணும், ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கக் கூடாது. டீம் லீடர் லீவு, வேலைப் பளு, ஆபத்து இதெல்லாம் பாப்பாரு. இன்னொண்ணு அனுபவமுள்ள சீனியர் பியர் ஒர்க்கர்கிட்ட, ஆரம்பத்துல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது. அங்கதான் செல்வி "அந்தம்மா நம்ம தமிழ்ப் பொண்ணுன்னு சொன்னப்ப எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு, கிட்டத்தட்ட சரின்னு சொல்லிட்டேன்"னு வெளிப்படையா பேச முடியும். நர்ஸ் மட்டுமே சூப்பர்வைசரா இருந்தா என்ன ஆகும்னா, செல்வி ஒரு நாள் டல்லா இருந்தாலே "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா"ன்னு கேள்வி வரும், அதே டல்லா இன்னொரு நர்ஸ் வந்தா டீ போட்டுக் குடுப்பாங்க. அந்தக் கேள்விய ரெண்டு தடவ கேட்டுட்டா செல்வி அப்புறம் எதையும் சொல்ல மாட்டாங்க, கஷ்டம் முத்தித்தான் வெளிய தெரியும்.

உடம்பு முடியாம போச்சுன்னா மத்த ஸ்டாஃபுக்கு உள்ள அதே சிக் பே தான், முதல் வருஷத்துல ஒரு மாசம் முழுச் சம்பளம், ரெண்டு மாசம் பாதி. இத விட முக்கியம் சேர்ந்த முதல் வாரமே பேசி எழுதி வைக்க வேண்டியது. செல்வியோட பழைய ரெக்கார்ட வேலை பாக்குற டீம் ஆளுங்க திறக்க முடியாதபடி பூட்டணும், யார் திறந்தாங்கன்னு பாக்க வழி இருக்கணும். திரும்ப அட்மிட் ஆக வேண்டி வந்தா கூட வேலை பாக்குறவங்க இருக்குற வார்டு வேண்டாம், பக்கத்து ஊர் வார்டுன்னு முன்னாடியே எழுதிக் குடுத்துடணும். நல்லா இருக்கும்போது அஞ்சு நிமிஷ வேலை, முடியாம போன ராத்திரி பதினோரு மணிக்கு அத யாராலயும் பேச முடியாது.