எளிய விகித வாய்ப்பாடு

பினாங்கில் நான்காம் படிவ மாணவர்களுக்கு மாலையில் வேதியியல் சொல்லித் தருகிறேன். மலாய்ப் பாடநூலில் வரும் 'பார்முலா எம்பிரிக்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒரு மாணவி கேட்டாள்.

'எம்பிரிக்' கிரேக்க வேரிலிருந்து வந்தது. 'பெய்ரா' என்றால் முயன்று பார்த்தல். அதிலிருந்து 'எம்பெய்ரியா', பட்டறிவு. சோதித்து அளந்து கண்ட வாய்ப்பாடு என்பதே பொருள். இலங்கையில் வேரைப் பின்பற்றி 'அனுபவச் சூத்திரம்' என்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'எளிய விகித வாய்ப்பாடு' என்கின்றன. இரண்டாவதே எனக்குப் பிடிக்கும். அந்தச் சொல்லே செய்முறையைச் சொல்லிவிடுகிறது.

வைட்டமின் சி-யை எடுத்துக்கொள்வோம். அதில் கார்பன் 40.92%, ஹைட்ரஜன் 4.58%, ஆக்சிஜன் 54.50%. நூறு கிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால் சதவீதங்கள் அப்படியே கிராம் ஆகிவிடும். ஆனால் அணுக்களின் விகிதம் எடையில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொன்றையும் அதன் அணு நிறையால் (12, 1, 16) வகுத்து மோலாக்க வேண்டும்: கார்பன் 3.41, ஹைட்ரஜன் 4.58, ஆக்சிஜன் 3.41. மூன்றையும் சிறிய எண்ணான 3.41-ஆல் வகுத்தால் 1 : 1.34 : 1.

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். 1.34-ஐ 1 என்று முழுமையாக்கி CHO என்று எழுதிவிடுகிறார்கள். 1.98-ஐ 2 ஆக்கலாம், அது அளவீட்டுப் பிழைக்குள் அடங்கும். 1.34 அப்படியல்ல, அது மூன்றில் நான்கு பங்கு. எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கினால் 3 : 4 : 3, அதாவது C₃H₄O₃. (1.5 வந்தால் இரண்டால், 1.25 வந்தால் நான்கால் பெருக்க வேண்டும்.)

சந்தேகம் இருந்தால் திரும்பக் கணக்கிட்டுப் பாருங்கள். CHO-வின் நிறை 29. அதில் ஹைட்ரஜன் 3.4% தான். நம் தரவோ 4.58% என்கிறது. கார்பனை மட்டும் சரிபார்த்தால் 41.4% வந்து, ஏறத்தாழ ஒத்துப்போவதுபோல் ஏமாற்றிவிடும். அதனால் ஹைட்ரஜனையும் பார்க்காமல் விடாதீர்கள்.

இந்த வாய்ப்பாடு விகிதத்தை மட்டுமே சொல்லும். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்துக்கும் குளுக்கோசுக்கும் ஒரே எளிய விகித வாய்ப்பாடுதான், CH₂O. சதவீதத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஒரு மூலக்கூறில் உண்மையில் எத்தனை அணுக்கள் என்பதைச் சொல்வது மூலக்கூறு வாய்ப்பாடு. அதற்கு மோலார் நிறையைத் தனியே அளந்து அறிந்திருக்க வேண்டும். வைட்டமின் சி-க்கு அது 176. C₃H₄O₃-இன் நிறை 88. 176-ஐ 88-ஆல் வகுத்தால் 2. எனவே மூலக்கூறு வாய்ப்பாடு C₆H₈O₆.