டெபிலேட்டரி: தேய்க்கிற களிம்பு இல்லை, போட்டு எடுக்கிற பூச்சு

கடையில் 'ஹேர் ரிமூவல் க்ரீம்' என்று கேட்டு வாங்குகிறோம். அதையே தோல் மருத்துவர்கள் டெபிலேட்டரி என்பார்கள். லத்தீனில் பிலுஸ் என்றால் மயிர். முன்னால் நிற்கும் 'டி' அகற்றுவதைக் குறிக்கும். இதற்கு உடன்பிறப்பு மாதிரி எபிலேஷன் என்று இன்னொரு சொல் உண்டு. இரண்டையும் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். எபிலேஷன் என்றால் முடியை வேரோடு பிடுங்குவது; வாக்ஸிங்கும் த்ரெட்டிங்கும் அந்தக் கணக்கில் வரும். டெபிலேஷன் என்றால் தோலுக்கு வெளியே தெரிகிற பகுதியை மட்டும் போக்குவது. சவரமும் இந்த வகைதான். க்ரீம் போட்டால் சில நாளிலேயே முளை தலைகாட்டுவது அதனால்தான். வேர் அப்படியே இருக்கிறது.

பொருள் ஒன்றும் புதிது இல்லை. துருக்கியக் குளியலறைகளில் ரஸ்மா என்று ஒரு பசை இருந்தது. அரிதாரம் என்ற மஞ்சள் நிறத் தாதுவையும் சுட்ட சுண்ணாம்பையும் குழைத்துப் பூசுவார்கள். சுசுருத சம்கிதையிலும் கிட்டத்தட்ட இதே சேர்மானம் இருக்கிறது: சங்குப் பொடி இரண்டு பங்கு, அரிதாரம் ஒரு பங்கு, புளித்த காடியில் அரைத்துப் பூச வேண்டும். அதற்கு வடமொழியில் லோமசாதனம் என்று பெயர். இந்த 'சாதனம்' நாம் கருவி என்ற பொருளில் சொல்லும் சாதனம் இல்லை. உதிரச் செய்வது என்று பொருள்படும் வேறு சொல். அரிதாரத்தில் கந்தகத்தோடு ஆர்செனிக்கும் இருப்பதால் அந்தப் பழைய முறையை யாரும் வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம். ஆனால் அதன் சூத்திரம் இன்றைய க்ரீம் குழாயிலும் இருக்கிறது: கந்தகம் ஒரு பக்கம், காரம் ஒரு பக்கம்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'உரோம நீக்கி' என்று எழுதுபவர்கள் உண்டு. உரோமம் வடசொல், புரியாத சொல் இல்லை. 'மயிர் நீக்கி' இன்னும் நேரானது. திருக்குறளில் மயிர் கூச்சமில்லாமல் வருகிறது. பேச்சில் வசவாகிப் போனதால் இன்று பலருக்கு எழுதக் கை வருவதில்லை. சரி, முடி என்றே வைத்துக்கொள்வோம். சிக்கல் இரண்டாம் பாதியில் இருக்கிறது. 'முடி நீக்கும் களிம்பு' என்று சொல்வதை நான் ஒப்பமாட்டேன். களிம்பு என்றதும் நம் கை தானாகத் தேய்க்கத் தொடங்கிவிடும். வலிக்கும் புண்ணுக்கும் அப்படித்தானே போடுகிறோம்? இதைத் தேய்க்கக் கூடாது. தோலில் இறங்கவும் விடக் கூடாது. மேலே கனமாகப் படிய வைத்து, நேரம் ஆனதும் வழித்தெடுக்க வேண்டும். அப்படிப் போட்டு எடுப்பதற்குத் தமிழில் பூச்சு என்ற சொல் தயாராக இருக்கிறது. ஆகவே முடி நீக்கும் பூச்சு.

தேய்க்கக் கூடாது என்பதற்குக் காரணம், உள்ளே நடக்கிற வேலை. பெட்டியின் பின்பக்கம் பார்த்தால் பொட்டாசியம் தயோகிளைக்கோலேட் அல்லது கால்சியம் தயோகிளைக்கோலேட் என்று இருக்கும். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் குறுக்கே இழுத்துக் கட்டியிருக்கின்றன. தயோகிளைக்கோலேட் அந்தக் கட்டுகளை அவிழ்க்கிறது. கூடவே சேர்த்திருக்கும் காரம் முடியை ஊற வைத்து வழி திறந்துவிடுகிறது. பூச்சின் பி.எச் அளவு 12-ஐ ஒட்டி இருக்கும். நம் தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டியது. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

தோலின் மேலடுக்கும் அதே கெரட்டினால் ஆனதுதான். முடியில் கந்தகக் கட்டுகள் நிறைய, தோலில் குறைவு. முடி சீக்கிரம் இளகுகிறது, தோல் கொஞ்சம் தாமதமாக இளகுகிறது. இந்த இடைவெளி சில நிமிடங்கள்தான். பூச்சு முடியைத் தேடிப்பிடித்துக் கரைப்பதில்லை. முடி கரைந்த பிறகும் தோலில் வேலை செய்துகொண்டே இருக்கும். நேரம் பார்க்கச் சொல்வது அதற்குத்தான்.

பெட்டிக்குப் பெட்டி நேரம் மாறும். பலவற்றில் 3 முதல் 5 நிமிடத்தில் ஒருமுறை பார்க்கச் சொல்லி, மொத்தம் 10 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று போட்டிருப்பார்கள். சிலவற்றில் உச்சவரம்பு இதைவிடக் குறைவு. நீங்கள் வாங்கிய பெட்டியில் உள்ளதுதான் உங்களுக்குக் கணக்கு. ஆனால் அந்தக் கடிகாரத்தை எப்போது ஓடவிடுவது என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள்.

இரண்டு கைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். 7 மணிக்கு இடது மணிக்கட்டில் பூச ஆரம்பிக்கிறீர்கள். முழங்கை வரை முடிக்க 2 நிமிடம், வலது கைக்கு இன்னொரு 2 நிமிடம். 7:04-க்கு மூடியை மூடிவிட்டு, 'இனி 6 நிமிடம்' என்று போனில் டைமர் வைக்கிறீர்கள். அது அடிக்கும்போது 7:10. வழிக்க ஆரம்பித்தால் ஒரு கைக்கு ஒன்றரை நிமிடமாவது பிடிக்கும். வலது கையை முதலில் வழித்தால் இடது மணிக்கட்டு பதினொன்றரை நிமிடம் ஊறியிருக்கும். உங்கள் கணக்கில் 6, தோலின் கணக்கில் அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்புறம் மணிக்கட்டு மட்டும் ஏன் எரிகிறது என்று குழம்புவோம்.

ஆகவே முதல் சொட்டு தோலில் பட்டதுமே கடிகாரம் ஓட வேண்டும். ஒரு கை முடித்து, கழுவித் துடைத்த பிறகுதான் மறு கை. எங்கே முதலில் போட்டீர்களோ அங்கேதான் முதலில் வழிக்க வேண்டும். டைமர் அடிக்கும் வரை சும்மா இருக்கவும் வேண்டாம். ஓரத்தில் ஓர் அங்குல இடத்தை வழிப்பானால் மெதுவாக எடுத்துப் பாருங்கள். வேலை முடிந்திருந்தால் முடி வளைந்து சுருண்டு, ஈர நூல்போல் குழைந்து பூச்சோடு சேர்ந்து வரும். இன்னும் விறைப்பாக நின்றால் ஒரு நிமிடம் பொறுக்கலாம், உச்சவரம்பு வரை மட்டும். எரிச்சல் தொடங்கினால் கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம், உடனே கழுவிவிடுங்கள். கையில் வெள்ளி மோதிரமோ காப்போ இருந்தால் முன்பே கழற்றி வைப்பது நல்லது; கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும்.

மார்பு வேறு கதை. அங்கே முடி தடிப்பு, நெருக்கம். ஆண்கள் பலர் 'தடிப்பாக இருக்கிறது, கூடுதல் நேரம் விடுவோம்' என்று முடிவெடுக்கிறார்கள். முடி தடிப்பாக இருப்பதால் தோல் தடித்துவிடுவதில்லை. கூட்ட வேண்டியது நேரத்தை இல்லை. முதலில் ட்ரிம்மரால் அரை சென்டிமீட்டர் அளவுக்குக் குறைத்துவிட வேண்டும். நீள முடி பூச்சுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், பூச்சு அடிவரை போய்ச் சேராது. குறைத்த பிறகு முடி முழுக்க மறையும் கனத்தில் போட வேண்டும். முலைக்காம்பையும் சுற்றியுள்ள கருவட்டத்தையும் விட்டுவிட வேண்டும். மச்சம், கீறல், பரு உள்ள இடங்களும் அப்படியே. உச்சவரம்பு வந்தும் திட்டுத்திட்டாக முடி மிஞ்சினால், அதே இடத்தில் மறுபடி போடக் கூடாது. 72 மணி நேரம் இடைவெளி விடச் சொல்லிப் பெரும்பாலான பெட்டிகளில் போட்டிருக்கிறது. சவரம் செய்த தோலுக்கும் அதே இடைவெளிதான். முகப்பருவுக்கு ட்ரெட்டினாயின் வகைப் பூச்சு மருந்து மார்பில் போடுபவர்கள், மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

அடுத்தது பேட்ச் டெஸ்ட். இந்தப் பெயரில் இரண்டு சோதனைகள் உலவுகின்றன. தோல் மருத்துவமனையில் செய்வது, ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களைச் சின்னச் சின்ன வட்டுகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, பிறகும் ஓரிரு நாள் கவனித்துப் படிப்பது. அதற்கு ஒட்டுச் சோதனை என்ற பெயர் பொருந்தும். வீட்டில் நாம் செய்வதில் ஒட்டுவது எதுவும் இல்லை. அதைத் தோல் முன்சோதனை என்று சொன்னால் போதும்.

முன்சோதனையில் இரண்டு தவறுகள் சகஜம். ஒன்று, சோதித்த இடம் ஒன்று, போடும் இடம் இன்னொன்று. முன்கையில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்துவிட்டு மார்பு முழுக்கப் பூசுவார்கள். மார்பில் போடுவதென்றால் மார்பிலேயே, ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் பார்க்க வேண்டும். இன்னொன்று, 2 நிமிடம் சோதித்துவிட்டு 8 நிமிடம் போடுவது. எத்தனை நிமிடம் போடப் போகிறீர்களோ அத்தனை நிமிடம் வைத்துப் பார்த்தால்தான் அது சோதனை.

கழுவியதும் ஒன்றும் ஆகவில்லை என்று உடனே கிளம்பிவிடக் கூடாது. காரத்தால் வரும் எரிச்சல் சில நிமிடத்தில் தெரியும். வாசனைப் பொருளால் வரும் ஒவ்வாமை அப்படியில்லை. ஒரு நாள், இரண்டு நாள் கழித்து அரிப்பும் தடிப்புமாகக் கிளம்பும். பெட்டியில் 24 மணி நேரம் என்றிருக்கும், 48 ஆனால் இன்னும் நல்லது. இலேசான சிவப்பு ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிட்டால் பயமில்லை. மறுநாளும் சிவந்து, அரித்து, பொரிப்பொரியாக இருந்தால் அந்தக் குழாய் உங்களுக்கு ஆகாது. போன வருடம் ஒத்துக்கொண்டது இந்த வருடமும் ஒத்துக்கொள்ளும் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வாமை திரும்பத் திரும்பப் படுவதால் வளரக்கூடியது.

ஞாயிற்றுக்கிழமை ஆணழகன் போட்டிக்கு மேடை ஏறும் ஒருவர் இதை எப்படித் திட்டமிடலாம்? சவரத்தை முந்தைய வாரமே நிறுத்திவிட்டு, புதன் மாலை மார்பில் ஒரு நாணய அளவு முன்சோதனை. வியாழன் முழுக்கக் கவனிக்க வேண்டும். வெள்ளி மாலை, வியர்வை அடங்கிய உடம்பில், ட்ரிம் செய்துவிட்டுப் பூச வேண்டும். அதற்கு முன் வெந்நீர்க் குளியல் வேண்டாம். சூடு பட்டு ஊறிய தோலில் காரம் வேகமாக இறங்கும். முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் நன்றாக அலச வேண்டும், சோப்பு வேண்டாம். செண்ட், டியோடரண்ட், வெயில், நீச்சல் குளம் எல்லாவற்றுக்கும் ஒரு நாள் விடுமுறை. மேடைக்குப் பூசும் பழுப்பு நிறச் சாயத்தைச் சனி இரவுக்குத் தள்ளி வைக்கலாம். ஞாயிறு காலையில் அவசரமாக முதல்முறை போட்டுவிட்டு, சிவந்த மார்போடு மேடையில் நிற்பதற்கு, முடியோடேயே நிற்கலாம்.

மீறிக் கடுமையாக எரிந்தால், பூச்சை வழித்தெடுத்துவிட்டுக் குழாயில் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். 'காரத்துக்குப் புளிப்பு' என்று எலுமிச்சையோ வினிகரோ ஊற்றாதீர்கள். புண்ணான தோலில் அது இன்னொரு காயம். கொப்புளம் வந்தாலோ, தோல் உரிந்து நீர் வடிந்தாலோ அது தீக்காயத்துக்குச் சமம், மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். போகும்போது பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். அதில் உள்ள பொருள்களின் பட்டியலைத்தான் அவர் முதலில் கேட்பார்.