கணக்கிலிருந்து போனது ஒன்பது லட்சம், செலவானது ஆறு லட்சம்

வங்கிச் செயலியிலிருந்து ஓராண்டுப் பரிவர்த்தனைகளை இறக்கி, விரிதாளில் ஒட்டி, ஒவ்வொரு வரிக்கும் மளிகை, வாடகை, மருத்துவம் என்று வகை எழுதிவிட்டால் ஆண்டுச் செலவு தெரிந்துவிடும் என்றுதான் முதல்முறை இதைச் செய்ய உட்கார்ந்தபோது நானும் நினைத்தேன். 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையிலான எங்கள் வீட்டுக் கணக்கில் பற்றுப் பத்தியின் மொத்தம் 9,02,165 ரூபாய். வேலை முடிந்தபோது உண்மையான செலவு 5,94,016 ரூபாயாக நின்றது. நடுவிலுள்ள மூன்று லட்சத்துச் சொச்சம் எங்கும் தொலைந்துபோகவில்லை. அது செலவே இல்லை. அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் இறக்கிய கோப்பு முழுமையானதுதானா என்பதை நிறுவ வேண்டியிருந்தது. அதற்கான கருவி அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது.

பல வங்கிகளின் கைபேசிச் செயலி பிடிஎஃப் கோப்பை மட்டும் தரும். அதே வங்கியின் இணையதளத்தில் நுழைந்தால் .csv அல்லது .xls கிடைக்கும். பிடிஎஃப் அச்சிட்டுப் பார்ப்பதற்கானது, அதிலிருந்து வரிகளைப் பிரித்தெடுப்பது வீண் உழைப்பு. .xls என்ற பெயரில் வருவது சில சமயம் வெறும் உரைக் கோப்பாக இருக்கும். திறக்கும்போது வடிவமும் பெயரும் ஒத்துப்போகவில்லை என்று எக்ஸெல் எச்சரித்தால் காரணம் அதுவே, கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று பொருளல்ல. திறந்ததும் மேலே இருக்கும் முகவரி, கிளை போன்ற வரிகளை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஐந்து பத்திகள்: தேதி, விவரம், பற்று, வரவு, இருப்பு. இவற்றை A முதல் E வரை வைத்துக்கொள்வோம்.

இந்த ஐந்தில் பலரும் பயனில்லை என்று அழித்துவிடுவது இருப்புப் பத்தியை. ஆனால் அதுதான் சாட்சி. ஒவ்வொரு வரியிலும் முந்தைய இருப்பிலிருந்து பற்றைக் கழித்து வரவைக் கூட்டினால் அந்த வரியின் இருப்பு வர வேண்டும். வரவில்லை என்றால் அந்த இடத்தில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது, இரட்டித்திருக்கிறது அல்லது ஓர் எண் தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. தலைப்பு முதல் வரியிலும் மிகப் பழைய பரிவர்த்தனை இரண்டாம் வரியிலும் இருந்தால், F3-இல் இதை எழுதிக் கீழே இழுக்கலாம்:

```
=ROUND(E2-C3+D3-E3,2)
```

எல்லா வரிகளிலும் 0 வர வேண்டும். ROUND தேவைப்படுவதற்குக் காரணம் கணினியின் எண்முறை. இரும எண்முறையில் பத்துப் பைசாவை, அதாவது 0.1-ஐ, மிச்சமின்றி எழுத முடியாது; அதனால் சரியான கணக்கிலும் கடைசியில் ரூபாயில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான துணுக்கு ஒட்டிக்கொண்டு, பூச்சியம் வர வேண்டிய இடத்தில் 1.45519E-11 போன்ற ஒன்று வந்து மிரட்டும். புதியது மேலே, பழையது கீழே என்று தரும் வங்கியாக இருந்தால் வாய்பாட்டைத் தலைகீழாக்க வேண்டும். அதைவிட முக்கியம், இந்தச் சோதனையை முடிக்கும் வரை தாளை எந்த வகையிலும் மறுவரிசைப்படுத்தக் கூடாது, ஏனென்றால் அறிக்கையில் பெரும்பாலும் தேதி மட்டுமே இருக்கும், நேரம் இருக்காது. ஒரே நாளில் நடந்த ஏழு பரிவர்த்தனைகளின் வரிசை ஒருமுறை குலைந்தால் மீட்க வழியில்லை. முதல் வேலையாக வரிசை எண் பத்தி ஒன்றைச் சேர்த்துவிடுவது என் வழக்கம்.

எங்கள் வங்கி ஒரே தடவையில் ஓராண்டைத் தராததால் காலாண்டு காலாண்டாக இறக்கினேன். தொடக்க இருப்பு 84,212.50, இறுதி இருப்பு 1,18,527.50, வரவு மொத்தம் 9,36,480. பற்றைக் கழித்துப் பார்த்தால் இறுதி இருப்பு 1,15,087.50 என்று வந்தது, அதாவது 3,440 ரூபாய் துண்டு விழுந்தது. F பத்தியில் ஒரே ஓர் இடத்தில்தான் பூச்சியம் அல்லாத எண்: இரண்டாம் காலாண்டுக் கோப்பு ஒட்டப்பட்ட முதல் வரி. ஜூன் 30 இரண்டு கோப்புகளிலும் இருந்தது. அன்றைய 1,240 ரூபாயும் 2,200 ரூபாயும் இரண்டு முறை ஏறியிருந்தன. இதை நகல் நீக்கும் கட்டளையால் சரிசெய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: ஒரே நாளில் ஒரே கடையில் இரண்டு முறை 20 ரூபாய்க்குத் தேநீர் குடித்தது நகல் அல்ல. பரிவர்த்தனை எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அது நகல்.

அந்தப் பரிவர்த்தனை எண் இன்னொரு வேலைக்கும் உதவும். விவரப் பத்தியில் ஒரு யுபிஐ வரி இப்படி இருக்கும் (கடை அடையாளத்தின் எண்களை மறைத்திருக்கிறேன்):

```
UPI/DR/418203517264/SRI MURU/YESB/q84xxxxx6@ybl/Paym
```

DR என்றால் பற்று. அடுத்த பன்னிரண்டு இலக்கங்கள் பரிவர்த்தனை எண்; அதன்பின் பாதியில் வெட்டப்பட்ட பெயர், பெறுபவரின் வங்கி, அவருடைய யுபிஐ அடையாளம், நாம் எழுதிய குறிப்பின் தலைப்பகுதி. பன்னிரண்டு இலக்கங்களில் முதலாவது பெரும்பாலும் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 4182 என்றால் 2024-இன் 182-ஆவது நாள். நெட்டாண்டாகையால் அது ஜூன் 30. தேதிகள் புரண்டுபோனால் இது கைகொடுக்கும். கணினியின் மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் விரிதாள் 03/04/2025 என்பதை மார்ச் 4 என்று படித்துக்கொள்ளும். 13/04/2025 என்று வந்தால் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் அதை உரையாக விட்டுவிடும். ஒரே பத்தியில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நிற்பது இதற்கான அடையாளம். அந்த வரியின் எண் 5093 என்று தொடங்கினால் 93-ஆவது நாள், அதாவது ஏப்ரல் 3 என்று ஐயமின்றிச் சொல்லிவிடலாம். கூகுள் தாளில் அமைப்புகளுக்குள் இடத்தை இந்தியா என்று மாற்றிவிட்டும், லிப்ரே ஆபீஸில் கோப்பைத் திறக்கும் பெட்டியிலேயே அந்தப் பத்திக்கு Date (DMY) என்று தேர்ந்தும் மறுபடி இறக்குவதே இதற்கு நேரான மருந்து.

இனி வகைப்படுத்தல். ஆயிரத்துச் சொச்சம் வரிகளுக்குக் கையால் எழுதுவது சாத்தியம்தான், ஆனால் ஐந்நூறாவது வரியில் மனம் களைத்து மருந்தும் மளிகையும் ஒன்றாகிவிடும். அதற்குப் பதில் Rules என்ற தனித் தாளில் A பத்தியில் தேட வேண்டிய சொல், B பத்தியில் அதற்குரிய வகை என்று எழுதிவைத்தால், பரிவர்த்தனைத் தாளின் G2-இல் இந்த வாய்பாடு போதும்:

```
=IFERROR(INDEX(Rules!$B$2:$B$61,
 MATCH(TRUE,ISNUMBER(SEARCH(Rules!$A$2:$A$61,B2)),0)),"?")
```

கூகுள் தாளில் இதை ARRAYFORMULA-வுக்குள் வைக்க வேண்டும். பழைய எக்ஸெலில் Ctrl+Shift+Enter அழுத்தி முடிக்க வேண்டும். விதிகளை மேலிருந்து கீழாகப் பார்த்து, விவரத்துக்குள் முதலில் அகப்படும் சொல்லின் வகையை இது எடுத்துக்கொள்கிறது. எதுவும் அகப்படாவிட்டால் கேள்விக்குறி. விதித் தாளில் ஒரு வரி காலியாக இருந்துவிட்டால் ஆபத்து, ஏனென்றால் வெற்றுச் சொல் எல்லா உரைக்குள்ளும் இருப்பதாகவே SEARCH சொல்லும். அந்த வரிக்குக் கீழே உள்ள விதிகள் ஒன்றும் வேலை செய்யாது. விதிகள் எத்தனை வரிகளோ அத்தனையோடு எல்லையை நிறுத்த வேண்டும்.

சொல்லைத் தேர்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மின்கட்டணத்துக்கு EB என்றும் வீட்டு வாடகைக்கு RENT என்றும் விதி எழுதினேன், இரண்டும் இயல்பான சொற்கள்தான். வகைகளை மாதவாரியாக அடுக்கிப் பார்த்தபோது பிப்ரவரியில் மின்கட்டணம் 14,000 ரூபாய் என்று நின்றது, பதினான்காயிரத்துக்குக் கரண்ட் எரிக்கும் வீடு அல்ல எங்களுடையது. வீட்டுக்காரருக்கு அனுப்பியபோது நான் எழுதிய குறிப்பு FEB RENT. FEB-க்குள் EB ஒளிந்திருந்தது. சரி என்று RENT விதியை மேலே ஏற்றினால், CURRENT BILL என்று குறிப்பெழுதிய ஒரு தொகை வாடகைக்குப் போய்விட்டது. சின்னச் சொற்கள் எல்லாமே இப்படித்தான்: வாடகை வண்டிக்கு OLA என்று எழுதினால் KOLATHUR என்ற ஊர்ப்பெயரோடு வரும் கடைகளும் அதில் ஏறிக்கொள்ளும். இந்தப் பிழையை இருப்புச் சோதனை காட்டாது, மொத்தம் மாறவில்லையே. வாடகை பன்னிரண்டு முறை, தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை என்பதால் ஆறு முறை என்று எண்ணிக்கையை நாம் அறிந்திருப்பதுதான் காட்டிக்கொடுக்கும். இவற்றுக்குப் பெயரைவிட யுபிஐ அடையாளமே நம்பகமான விதி. வீட்டுக்காரரின் அடையாளம் மாதந்தோறும் ஒன்றுதான். கடை மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டைக்கும் தனி அடையாளம் உண்டு, பெயர் SRI MURU என்று பாதியில் நின்றாலும் அது முருகன் மளிகையா முருகன் மெடிக்கல்ஸா என்பதை அந்த அடையாளம் பிரித்துவிடும்.

கேள்விக்குறிகளைத் தொகை இறங்குவரிசையில் அடுக்கி மேலிருந்து தீர்ப்பது நல்லது. முதல் நாற்பது வரிகள் முடிந்ததும் எஞ்சியவற்றின் கூட்டுத்தொகை பெரும்பாலும் சில ஆயிரங்களுக்குள் அடங்கிவிடும். அவற்றைச் சுருக்கத்தில் கேள்விக்குறியாகவே விட்டுவிட்டேன். யாருக்கோ அனுப்பிய 180 ரூபாயை ஊகித்து ஒரு வகைக்குள் தள்ளுவதால் அறிவு கூடப்போவதில்லை.

இப்போது மூன்று லட்சத்துக்கு வருவோம். என் சொந்தச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிய 1,20,000, தொடர்வைப்புக்குப் போன 1,80,000, இரண்டும் பற்றுதான், ஆனால் பணம் இன்னும் என்னிடமே இருக்கிறது. கடன் அட்டைக்குக் கட்டிய 2,16,400 வேறு கதை: அது பன்னிரண்டு வரிகளில் நிற்கும் மூடிய பெட்டி, உள்ளே அரிசியும் உண்டு, ரயில் பயணமும் உண்டு. இந்த மூன்றுக்கும் ‘இடமாற்றம்’ என்று பெயரிட்டு விலக்கினால் மிஞ்சியது 3,85,765. அட்டையின் தனி அறிக்கையை இறக்கி, வாங்கிய தேதியை வைத்து அதே ஆண்டுக்குள் விழுந்தவற்றை மட்டும் சேர்த்தபோது 2,11,750 வந்தது. கட்டிய தொகையோடு இது பொருந்தாதது பிழை அல்ல. ஏப்ரலில் கட்டியது மார்ச்சில் வாங்கியதற்கு. பெட்டியையும் அதற்குள் இருப்பதையும் இரண்டையும் கூட்டிவிடுவதே ஆண்டுச் சுருக்கங்களில் நான் கண்ட மிகப் பெரிய பிழை. கடைசியாக, திருப்பியனுப்பிய ஒரு ஜோடிக் காலணிக்காகக் கணக்குக்கு வந்த 3,499 ரூபாயை வருமானமாகக் கொள்ளாமல் உடை என்ற வகைக்குள்ளேயே கழித்தேன். அப்படி நின்றதுதான் 5,94,016.

இதற்குள் 62,000 ரூபாய் ஏடிஎம்மில் எடுத்த ரொக்கம். காய்கறி, ஆட்டோ, கோயில் உண்டியல் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. எது எவ்வளவு என்பது எந்த வங்கிக் கோப்பிலும் இல்லை. ‘ரொக்கம்’ என்று ஒரு வரியாக அதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்.