வார்ஃபரினும் ஒரு கிண்ணம் கீரையும்

இதயத்தின் ஈரிதழ் வால்வு பழுதுபட்டு, அதற்குப் பதிலாக உலோக வால்வு பொருத்தப்பட்ட ஐம்பது வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வால்வின் மேல் ரத்தம் உறைந்து கட்டியாகிவிடக் கூடாது என்பதற்காக அவர் நாள்தோறும் 5 மில்லிகிராம் வார்ஃபரின் உட்கொள்கிறார். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் என்னும் எண் மாத்திரை உண்ணாதவருக்கு ஏறத்தாழ 1 ஆக இருக்கும். இவருக்கு அது 2.5 முதல் 3.5 வரைக்குள் நிற்க வேண்டும். பல மாதங்களாக 2.9 அளவில் நின்ற எண், ஒரு முறை பார்த்தபோது 1.8 ஆக இறங்கியிருந்தது. மாத்திரையைத் தவறவிட்டீர்களா என்று கேட்டார்கள், இல்லை என்றார். உணவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ரத்தசோகைக்கு நல்லது என்று உறவினர் சொன்னதால், இரண்டு வாரமாக அவர் தினமும் முருங்கைக்கீரைப் பொரியலும் காலையில் அதன் சூப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது வெளியே வரவே இல்லை. மருந்தின் அளவு 6 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது, ஐஎன்ஆரும் 2.7க்கு வந்துவிட்டது. பிறகு மழைக்காலம் தொடங்கிக் கீரை வரத்து குறைந்ததால் முருங்கையும் நின்றுபோனது. மூன்று வாரம் கழித்துப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிய, சோதித்துப் பார்த்தால் ஐஎன்ஆர் 5.2.

இது கற்பனையாக அமைத்த எடுத்துக்காட்டுதான். ஆனாலும், அளவைக் கூட்டியதும் தவறாகாது, கீரையை உண்டதும் தவறாகாது. ஒன்றுக்கு ஏற்ப மற்றொன்றைத் திருத்திவிட்டு, பின்னர் முதலாவதைச் சொல்லாமல் நிறுத்தியதே தவறு என்பதை இது காட்டுகிறது.

காரணத்தைக் கல்லீரலில் தேட வேண்டும். ரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்களில் நான்கு, அதாவது 2, 7, 9, 10 என்று எண்ணிடப்பட்ட உறைதல் காரணிகள், கல்லீரலில் உருவான நிலையில் செயலற்றவையாகவே இருக்கின்றன. அவற்றின் மேல் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் பிடிகளைப் பொருத்தினால்தான் அவை வேலை செய்யும். அந்தப் பொருத்தும் வேலைக்கு வைட்டமின் கே வேண்டும். டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் 1930களில் இதைக் கண்டறிந்து, உறைதலைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்தையே அதற்குப் பெயராக வைத்தார். ஒவ்வொரு முறை பயன்பட்டதும் வைட்டமின் கே உருமாறித் தீர்ந்துபோன நிலைக்கு வந்துவிடுகிறது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மீண்டும் பழைய நிலைக்குத் திருப்புவதால், உணவிலிருந்து வரும் சிறிதளவு வைட்டமினே பல முறை சுழன்று பயன்படுகிறது.

வார்ஃபரினும், நம் ஊரில் அதைவிட அதிகமாகவே எழுதித் தரப்படும் அசினோகூமராலும், இந்தச் சுழற்சி நொதியைத்தான் தடுக்கின்றன. சுழற்சி நின்றதும் பயன்படக்கூடிய வைட்டமின் குறைகிறது, பிடி இல்லாத புரதங்கள் பெருகுகின்றன, ரத்தம் மெதுவாக உறைகிறது. ஆனால் இந்த மருந்துகள் தொடாத வேறொரு நொதியும் கல்லீரலில் உண்டு. உணவில் புதிதாக நிறைய வைட்டமின் கே வந்து சேரும்போது, அது இந்தப் பக்கவழியாகச் செயல்நிலைக்கு வந்துவிடுகிறது. எனவேதான் வைட்டமின் கே நிறைந்த கீரை மருந்தின் பிடியைத் தளர்த்துகிறது. விளைவு உடனே தெரியாததற்கும் காரணம் உண்டு: ஏழாம் காரணி சில மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும், இரண்டாம் காரணி அவ்வாறு குறைய இரண்டு மூன்று நாள்கள் ஆகும். ஆகவே இன்றைய உணவின் கணக்கு அடுத்த சில நாள்களில்தான் ஐஎன்ஆரில் முழுமையாகத் தெரியவரும்.

இதைக் கேட்டவுடன் பலர் கீரையே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். அப்படி அறிவுரை சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது ஏன் உதவாது என்பதை ஒரு சட்னியைக் கொண்டு விளக்கலாம். 100 கிராம் கொத்தமல்லித்தழையில் ஏறத்தாழ 310 மைக்ரோகிராம் வைட்டமின் கே இருக்கிறது. ரசத்தின் மேல் தூவும் 5 கிராம் தழையில் வருவது 15 மைக்ரோகிராம்தான். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் சட்னி அரைக்கும்போது ஒருவரின் பங்குக்கு 50 கிராம் தழை சேர்ந்தால், 155 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. கீரையை அறவே விலக்கி, நாளுக்கு 40 மைக்ரோகிராம் மட்டும் பெற்றுவந்த ஒருவருக்கு அந்த ஒரு நாளில் வரத்து ஏறத்தாழ ஐந்து மடங்காகிவிடும். அளவாகக் கீரை உண்டு 200 மைக்ரோகிராம் பெற்றுவந்தவருக்கோ அது இரண்டு மடங்கைக்கூட எட்டாது. கல்லீரலில் இருப்பு குறைவாக இருப்பவருக்கே சிறு மாற்றமும் பெரிதாகத் தெரிகிறது. காய்ச்சலில் நான்கு நாள் கஞ்சியோடு கிடந்தாலும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்டாலும் ஐஎன்ஆர் ஏறுவதுண்டு. இருப்பு இல்லாதவருக்கு அந்த ஏற்றமும் கூடுதலாகவே இருக்கும்.

அளவைச் சீராக வைப்பது என்றால் மைக்ரோகிராம் எண்ணிக்கொண்டிருப்பதல்ல. கடும் பச்சை இலைகளை ஒரு வகையாகவும் வெளிர்பச்சைக் காய்களை மற்றொரு வகையாகவும் பிரித்துக்கொண்டால் போதும். பாலக்கீரையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 480 மைக்ரோகிராம் இருக்கிறது. முட்டைகோஸில் 76 மட்டுமே. அரைக்கீரை, முளைக்கீரை, முருங்கை, பாலக் ஆகிய எல்லாவற்றையும் முதல் வகையில் சேர்த்து, வாரத்தில் குறித்த நாள்களில், ஒரே கிண்ணத்தில் அளந்து உண்ணலாம். கிண்ணத்தால் அளக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: வெந்த கீரை சுருங்கிவிடும், ஆதலால் பச்சையாக இரண்டு மூன்று கிண்ணம் இருந்தது வதங்கியபின் அரைக் கிண்ணம்தான் நிற்கும். எனவே அளப்பது எப்போதும் வெந்த கீரையாகவே இருக்கட்டும். வேகவைப்பதால் இந்த வைட்டமின் அழிவதில்லை, நீரில் கரைந்து போவதும் இல்லை. அது கொழுப்பில் கரைவது என்பதால், எண்ணெயில் தாளித்த பொரியலிலிருந்து உடல் எடுத்துக்கொள்ளும் அளவு, வெறும் நீரில் வேகவைத்ததிலிருந்து எடுப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். சமைக்கும் முறையையும் அடிக்கடி மாற்றாமல் இருப்பது நல்லது.

கீரையைப் புதிதாகச் சேர்க்கவோ, நிறுத்தவோ நேர்ந்தால் அதை மருத்துவரிடம் சொல்லி, ஓரிரு வாரத்துக்குள் ஐஎன்ஆர் பார்த்துக்கொள்ள வேண்டும். மாத்திரையின் அளவைத் தாமாக மாற்றக் கூடாது. எண் ஏறிவிட்டதற்கு ஈறுக் கசிவும், அடிபடாமலே தோன்றும் நீலத் திட்டுகளும், கரிய மலமும் அடையாளங்கள். எண் இறங்கியது பெரும்பாலும் எந்த அடையாளமும் காட்டாது, அதுதான் ஆபத்து. உலோக வால்வு உள்ளவர்கள் இரவின் அமைதியில் தம் நெஞ்சின் ‘டிக் டிக்’ ஒலியைக் கேட்டிருப்பார்கள். அந்த ஒலி மங்கினாலோ, புதிதாக மூச்சு வாங்கினாலோ வால்வில் கட்டி சேர்ந்திருக்கக்கூடும் என்று கருதி அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவ்வளவும் வார்ஃபரின் வகை மாத்திரைக்கு மட்டுமே பொருந்தும். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தட்டணுக்களின் மேல் செயல்படுபவை. ரிவரோக்சபான், அபிக்சபான், டாபிகாட்ரான் போன்றவை உறைதல் காரணிகளை நேரடியாகத் தடுப்பவை. இவற்றுக்கும் வைட்டமின் கேக்கும் தொடர்பில்லை. ஆயினும் ஆஸ்பிரின் மட்டும் உண்பவர்கள்கூடக் கீரையை விலக்கி வைத்திருப்பதைப் பார்க்க முடிகிறது. அப்படியானால் எல்லோரும் புதிய மருந்துக்கே மாறிவிடலாமே என்றால், உலோக வால்வு உள்ளவர்களிடம் டாபிகாட்ரானைச் சோதித்துப் பார்த்தபோது கட்டிகளும் ரத்தக்கசிவும் மிகுந்ததால் அந்த ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. அவர்களுக்கு இன்றும் பழைய மாத்திரைதான்.

நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு ஒரு வேளை மாத்திரை நிறுத்தப்பட்டு, அளவு மீண்டும் 5 மில்லிகிராமுக்குக் குறைக்கப்பட்டது. செவ்வாயும் வெள்ளியும் அரைக் கிண்ணம் வெந்த கீரை, அது முருங்கையானாலும் சரி, அரைக்கீரையானாலும் சரி என்று முடிவாயிற்று. நாள்தோறும் குடித்த முருங்கைச் சூப்பின் இடத்தை, ரத்தசோகைக்காக மருத்துவர் எழுதித் தந்த இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக்கொண்டது.